கைபேசி எடுத்த விழித்திரைப் படம்: ‘பாதிப்பு இல்லை’ என்பதன் பொருள் என்ன?

கிராம முகாம்களில் சர்க்கரை நோயாளிகளின் கண்ணைக் கைபேசியோடு இணைந்த கேமராவால் படம் எடுத்து, அந்தப் படத்தை ஒரு மென்பொருள் ஆராய, சில நிமிடங்களுக்குள் முடிவைச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் முறை இன்று நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்தச் சீட்டில் பெரும்பாலும் மூன்று விடைகளில் ஒன்றுதான் இருக்கும். மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய அளவுக்குப் பாதிப்பு இல்லை என்பது முதல் விடை. பாதிப்பு இருக்கிறது, கண் மருத்துவரைப் பாருங்கள் என்பது இரண்டாவது. படத்தைப் படிக்க முடியவில்லை என்பது மூன்றாவது. இந்தக் கட்டுரை முதல் விடையையும் மூன்றாம் விடையையும் பற்றியே அதிகம் பேசுகிறது. இரண்டாம் விடை பெற்றவருக்கு அடுத்து எங்கே போக வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. இந்தப் பரிசோதனை யாரையாவது தவறவிடுகிறது என்றால், அவர் மற்ற இரண்டு விடைகளில் ஒன்றைப் பெற்றவராகத்தான் இருப்பார்.

முதலில் நோயைப் பார்ப்போம். கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரையில் மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் அந்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து, ஆங்காங்கே சிறு குமிழாகப் புடைக்கிறது. படத்தில் இவை சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். ஒரு குமிழின் அகலம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள்தான் இருக்கும். பிறகு குமிழ்கள் உடைந்து இரத்தத் திட்டுகள் தோன்றுகின்றன. கசிந்த கொழுப்பு மஞ்சள் படிவுகளாகத் தேங்குகிறது. இதற்கும் அடுத்த கட்டத்தில், குழாய்கள் அடைபட்டு இரத்தம் கிடைக்காமல் தவிக்கும் விழித்திரை, தன்னைக் காத்துக்கொள்ளப் புதிய குழாய்களை முளைக்கவைக்கிறது. அந்தப் புதுக் குழாய்கள் வலுவற்றவை. அவை உடைந்தால் கண்ணுக்குள் நிறைந்திருக்கும் தெளிந்த கூழில் இரத்தம் கலந்து பார்வை திடீரென மறைந்துபோகலாம். இந்தக் கட்டத்தை எட்டும்வரைகூட ஒருவருக்குப் பார்வை நன்றாகவே இருக்கலாம், வலியும் இருக்காது. அறிகுறியே இல்லாத காலத்தில்தான் லேசர் சிகிச்சையும் கண்ணுக்குள் போடும் ஊசியும் மிக நன்றாகப் பலன் தருகின்றன என்பதால், நன்றாகத் தெரிகிறது என்று சொல்பவரையும் உட்காரவைத்துப் படம் எடுக்க வேண்டியிருக்கிறது.

விழித்திரையைப் படம் எடுப்பது, பூட்டிய இருட்டறையைச் சாவித் துவாரம் வழியே படம் எடுப்பதைப் போன்றது. கருவிழியின் நடுவில் உள்ள பாவை என்னும் துளைதான் அந்தச் சாவித் துவாரம். வெளிச்சம் அதன் வழியே உள்ளே போக வேண்டும், பிம்பமும் அதே துளை வழியே வெளியே வர வேண்டும். சாதாரணக் கைபேசியைக் கண்ணருகே பிடித்தால், கண்ணின் முன்பரப்பு வெளிச்சத்தைத் திருப்பி அடித்துப் படம் முழுவதும் வெண்மையாகிவிடும். எனவே கைபேசியோடு ஒரு தனிக் கருவி இணைக்கப்படுகிறது. அது ஒளியைப் பாவையின் ஓரமாக உள்ளே செலுத்தி, நடுப்பகுதி வழியாகப் பிம்பத்தைச் சேகரிக்கும். பெங்களூரில் உருவாக்கப்பட்ட ரெமிடியோ நிறுவனத்தின் கருவி இந்த வகையில் நன்கு அறியப்பட்டது. இங்கே கைபேசி, படத்தைப் பதிக்கும் தகடாகவும் கணக்கிடும் கணினியாகவும் மட்டுமே வேலை செய்கிறது. கைபேசி எவ்வளவு விலை உயர்ந்தது என்பதைவிட அதன் முன்னால் உள்ள ஒளியமைப்பும், அதைப் பிடித்திருப்பவரின் கைப்பழக்கமுமே படத்தின் தரத்தை முடிவுசெய்கின்றன.

வெளிச்சம் பட்டால் பாவை சுருங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். வயது ஏற ஏறவும், சர்க்கரை நோய் நீண்ட காலம் இருந்தாலும், அது இருட்டிலும் சரியாக விரிவதில்லை. ஆகவே யாருக்கு இந்தப் பரிசோதனை மிகவும் தேவையோ அவர்களின் கண்ணையே படம் எடுப்பது கடினம். டிராபிக்கமைடு போன்ற சொட்டு மருந்தை விட்டு 20 அல்லது 30 நிமிடம் காத்திருந்தால் பாவை விரியும், படமும் தெளிவாகும். அதற்குப் பிறகு சில மணி நேரம் கண் கூசும், எழுத்துகள் மங்கலாகத் தெரியும், வண்டி ஓட்டக் கூடாது. கண்ணின் முன்பகுதி குறுகலாக அமைந்த சிலருக்குச் சொட்டு மருந்தால் கண் அழுத்தம் திடீரென ஏறவும் கூடும் என்பதால் முன்னதாக டார்ச் விளக்கால் பார்த்துக்கொள்வது வழக்கம். இந்தக் காரணங்களால் பல முகாம்களில் சொட்டு மருந்து இல்லாமலே முதலில் படம் எடுத்துப் பார்த்து, சரியாக வராதவர்களுக்கு மட்டும் மருந்து விடுகிறார்கள். இது நல்ல வழி என்றே நினைக்கிறேன். ஆனால் நேரம் போதவில்லை என்று அந்த இரண்டாம் முயற்சியைக் கைவிட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இனி மென்பொருள். கண் மருத்துவர்கள் பார்த்து, இது எந்த நிலை என்று தரம் பிரித்த பல்லாயிரக்கணக்கான விழித்திரைப் படங்களைக் காட்டி இதைப் பழக்குகிறார்கள். 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை சுமார் 1,28,000 படங்களைக் கொண்டு பழக்கப்பட்டது. அந்தப் பணியில் இந்தியக் கண் மருத்துவமனைகளின் படங்களும் இருந்தன. இப்படிப் பழகிய மென்பொருள், புதிய படம் ஒன்றைப் பார்த்ததும் முதலில் அதன் தரத்தைச் சோதிக்கும். தரம் போதுமென்றால், நோய் இருப்பதற்கான சாத்தியத்தை ஓர் எண்ணாகக் கணக்கிடும். அந்த எண் ஒரு வரம்பைத் தாண்டினால் ‘மருத்துவரைப் பாருங்கள்’ என்றும், தாண்டாவிட்டால் ‘இல்லை’ என்றும் விடை வரும். அந்த வரம்பை எங்கே வைப்பது என்பதை மனிதர்களே தீர்மானிக்கிறார்கள். பெரும்பாலான மென்பொருள்களில் வரம்பு நடுத்தர நிலைப் பாதிப்பில் வைக்கப்பட்டிருக்கிறது. ஓரிரு சிவப்புக் குமிழ்கள் மட்டுமே உள்ள தொடக்க நிலைக்கு உடனடிக் கண் சிகிச்சை தேவையில்லை என்பதே இதற்குக் காரணம். இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. சீட்டில் ‘பாதிப்பு இல்லை’ என்று சுருக்கமாக எழுதியிருந்தாலும், ‘அனுப்பும் அளவுக்கு இல்லை’ என்பதே அதன் முழுப் பொருள். தொடக்க நிலைப் பாதிப்பு உள்ளவரும் அதே சீட்டைத்தான் பெறுவார்.

தெளிவான படத்தில், நடுத்தர நிலையையும் அதற்கு மேற்பட்ட நிலையையும் இந்த மென்பொருள்கள் உண்மையிலேயே நன்றாகப் பிடிக்கின்றன. சென்னையில் 296 சர்க்கரை நோயாளிகளிடம் கைபேசிக் கருவியால் எடுத்த படங்களைக் கொண்டு நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், பார்வையைப் பறிக்கக்கூடிய கட்டத்தில் இருந்தவர்களில் 99 சதவீதத்தினரை மென்பொருள் கண்டுபிடித்தது. மும்பை மாநகராட்சி மருந்தகங்களில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், இணைய வசதி இல்லாமல் கைபேசிக்குள்ளேயே இயங்கும் மென்பொருள், அனுப்ப வேண்டிய நிலையில் இருந்த ஒருவரையும் விடவில்லை. ஆனால் 213 பேர் கொண்ட அந்த ஆய்வில் அப்படிப்பட்டவர்கள் 15 பேர்தான். 15-இல் 15 என்பது நல்ல செய்தி. இருந்தாலும் 1500 பேரில் ஒருவரும் தப்பமாட்டார் என்பதற்கு அது சான்றாகாது. அதே ஆய்வில், தொடக்க நிலை உட்பட எந்த அளவுப் பாதிப்பையும் கண்டுபிடிக்கும் திறன் சுமார் 85 சதவீதமாக இருந்தது. ஒற்றைச் சிவப்புப் புள்ளி எளிதாகத் தப்பிவிடும் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

ஒரு முகாமைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால் இதெல்லாம் கைக்குப் பிடிபடும். 200 சர்க்கரை நோயாளிகள் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. 20 பேரின் படம் படிக்க முடியாதபடி வந்தது. மீதி 180 பேரில் 18 பேருக்கு அனுப்ப வேண்டிய நிலைப் பாதிப்பு உண்மையில் இருக்கிறது. மென்பொருள் நூற்றுக்கு 95 பேரைப் பிடிக்கும் என்றால், 18 பேரில் 17 பேர் அகப்படுவார்கள், ஒருவர் தப்புவார். பாதிப்பு இல்லாத 162 பேரில் 85 சதவீதத்தினருக்கு, அதாவது 138 பேருக்கு, ‘இல்லை’ என்று சரியாகச் சொல்லும். மீதி 24 பேரைத் தவறாக அனுப்பச் சொல்லும். ஆக, 41 பேருக்கு மருத்துவரைப் பார்க்கும்படி சீட்டு கிடைக்கிறது. அவர்களில் 17 பேருக்கே பாதிப்பு உள்ளது. ‘இல்லை’ என்ற சீட்டு பெற்ற 139 பேரில் ஒருவர் மட்டுமே ஏமாந்தவர். இதுவரை பார்த்தால் கணக்கு திருப்தியாகவே இருக்கிறது.

அந்த 20 பேரை மறந்துவிட்டோமே. படம் படிக்க முடியாமல் போனதற்கு அவர்களின் கண்ணிலேயே காரணம் இருக்கக்கூடும். பாவை விரியாமல் இருந்திருக்கலாம், கண்புரை முற்றியிருக்கலாம், புதுக் குழாய் உடைந்து, இரத்தம் கூழில் கலந்து, உள்ளே எதுவும் தெரியாமல் மறைத்திருக்கலாம். கடைசியாகச் சொன்னது நோயின் மிக மோசமான கட்டம், அது மென்பொருளுக்கு வெறும் மங்கல் படமாகவே தெரியும். எனவே படிக்க முடியாத கண்களில் நோய் இருக்கும் வாய்ப்பு, படிக்க முடிந்த கண்களைவிடக் கூடுதல். அந்த 20 பேரில் 6 பேருக்குப் பாதிப்பு இருக்கிறது என்று கொண்டால், மென்பொருள் தவறவிட்டவர் ஒருவர், மங்கலான படத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஆறு பேர். 95 சதவீதம் என்ற பெருமைக்குரிய எண்ணிக்கையில் இந்த ஆறு பேர் வருவதே இல்லை. பல ஆய்வுகளில் படிக்க முடியாத படங்களை முதலிலேயே விலக்கிவிட்டுத்தான் திறனைக் கணக்கிடுகிறார்கள் என்பதால், ஒரு கருவியைப் பற்றிப் படிக்கும்போது எத்தனை பேரை விலக்கினார்கள் என்பதை நான் முதலில் தேடிப் பார்ப்பேன்.

நல்ல கேமராவும் பயிற்சி பெற்ற செவிலியர்களும் இருந்தாலும் இந்தச் சிக்கல் வரும். தாய்லாந்தின் மருத்துவ மையங்களில் கூகுளின் மென்பொருளை நடைமுறையில் வைத்துப் பார்த்த ஆய்வு 2020-இல் வெளியானது. அங்கே முதல் ஆறு மாதங்களில் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தரம் போதவில்லை என்று மென்பொருள் ஏற்க மறுத்தது. அறையைச் சரியாக இருட்டாக்க முடியாதது அதற்கு ஒரு முக்கியக் காரணம். கைபேசிக் கருவியைக் கையில் பிடித்து, வெளிச்சம் புகும் கூடத்தில், வரிசை நீண்டுகொண்டே போகும்போது எடுக்கும் படங்களில் இந்த அளவு எப்படி இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஜன்னலில் கறுப்புத் துணி கட்டுவதும், படம் எடுக்கும் முன் இரண்டு மூன்று நிமிடம் ஒருவரை இருட்டில் உட்காரவைப்பதும் புதிய மென்பொருள் வாங்குவதைவிடக் கூடுதல் பலன் தரும். அப்படியும் படம் வராவிட்டால் சொட்டு மருந்து. அதற்குப் பிறகும் வராவிட்டால் பாதிப்பு உள்ளவரைப் போலவே மருத்துவரிடம் அனுப்புவது. சரியான நடைமுறை இதுதான். ஒரு கண்ணின் படம் தெளிவாகவும் மற்றக் கண்ணின் படம் மங்கலாகவும் இருந்தால், அவருக்கு ‘இல்லை’ என்ற சீட்டைக் கொடுக்கவே கூடாது.

படம் மிகத் தெளிவாக இருந்தும் நோய் தப்புவது இன்னொரு வகை. இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு மாக்குலா வீக்கம். விழித்திரையின் மையத்தில், எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் உதவும் சிறு பகுதிக்கு மாக்குலா என்று பெயர். தளர்ந்த குழாய்களிலிருந்து நீர் கசிந்து இந்தப் பகுதி தடித்துவிடுவது, சர்க்கரை நோயாளிகள் பார்வை இழப்பதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆனால் தடிப்பு என்பது ஆழம் சார்ந்த அளவு; புகைப்படமோ தட்டையானது. தரையில் விரித்த பாயை நேர்மேலிருந்து படம் எடுத்தால், அதன் அடியில் நீர் புகுந்து பாய் மேலெழும்பியிருப்பது தெரியாது. அதுபோலவே தெளிந்த நீரால் ஏற்பட்ட வீக்கமும் படத்தில் தெரியாது. மையத்துக்கு அருகே மஞ்சள் கொழுப்புப் படிவுகள் இருந்தால், இங்கே கசிவு இருக்கக்கூடும் என்று மென்பொருள் ஊகித்துச் சொல்லும். படிவு இல்லாத வீக்கத்தை அதனால் ஊகிக்க முடியாது. தடிப்பை நேரடியாக அளப்பதற்கு ஓசிடி என்னும் ஒளி ஸ்கேன் வேண்டும், அந்தக் கருவி முகாமுக்கு எளிதில் வருவதில்லை.

12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ள 58 வயதான ஒருவரை எடுத்துக்கொள்வோம். பார்வை அட்டையில் வலக் கண்ணால் கடைசி வரிவரை படிக்கிறார், அதாவது 6/6. இடக் கண்ணால் 6/18 வரிக்கு மேல் முடியவில்லை. கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் குறையா என்று அறிய, ஊசித் துளை இட்ட அட்டையை அந்தக் கண் முன் பிடிக்கிறார்கள். கண்ணாடிக் குறையாக இருந்தால் அந்தத் துளை வழியே எழுத்து தெளிந்து தெரிய வேண்டும். இவருக்குத் தெளியவில்லை. பிறகு படம் எடுக்கப்படுகிறது. இரு கண்களின் படமும் தெளிவு. இடக் கண்ணில் மூன்று நான்கு சிவப்புப் புள்ளிகள், மஞ்சள் படிவு ஏதுமில்லை. மென்பொருளின் விடை: ‘அனுப்பும் அளவுக்குப் பாதிப்பு இல்லை.’ அந்தப் படத்தை வைத்துப் பார்த்தால் இந்த விடை சரிதான். ஆனால் அந்த மனிதரை வைத்துப் பார்த்தால் அது தவறு. ஊசித் துளையிலும் தெளியாத பார்வைக் குறைவுக்கு ஏதோ ஒரு காரணம் உள்ளே இருக்கிறது. மாக்குலா வீக்கம் அவற்றுள் ஒன்று. இவர் மென்பொருளின் விடை எதுவாக இருந்தாலும் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர். முகாமில் இதைப் பிடித்தது பார்வை அட்டையும், துளையிட்ட ஓர் அட்டையும்தான். சொட்டு மருந்து விட்டுவிட்டால் எழுத்து மங்கும் என்பதால், இந்தப் பரிசோதனையை மருந்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். வரிசை வேகமாக நகர வேண்டும் என்று முதலில் கைவிடப்படுவது பெரும்பாலும் இந்தப் பரிசோதனைதான் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அடுத்தது படத்தின் எல்லை. இத்தகைய கருவிகள் ஒரே படத்தில் சுமார் 45 பாகை அகலத்தைத்தான் காட்டும். பார்வை நரம்பு தொடங்கும் வட்டமும் மாக்குலாவும் அதில் அடங்கும். அதற்கு அப்பால் விழித்திரையின் பெரும் பகுதி வெளியே நின்றுவிடும். நோய் பெரும்பாலும் மையத்தைச் சுற்றியும் தடம் பதிப்பதால் இந்த அளவே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது. ஆனால் சிலருக்கு இரத்தத் திட்டுகளும் புதுக் குழாய்களும் ஓரப் பகுதியில்தான் அதிகம் தோன்றுகின்றன. அவர்களின் மையப் படம் ஓரளவு அமைதியாகவே இருக்கும். கண்ணை வெவ்வேறு திசையில் பார்க்கச் சொல்லிக் கூடுதல் படங்கள் எடுத்தால் பரப்பு கூடும், நேரமும் கூடும்.

வேறு நோய்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சர்க்கரை நோயால் வரும் பாதிப்பு ஒன்றுக்காகப் பழக்கப்பட்ட மென்பொருள், பார்வை நரம்பு தேய்ந்துபோகும் கிளாக்கோமாவைப் பற்றி எதுவும் சொல்லாது. கிளாக்கோமா உள்ள கண்ணுக்கும் அது ‘பாதிப்பு இல்லை’ என்றே விடை தரும். கிளாக்கோமாவைத் தேடுவதற்கென்று தனியாகப் பழக்கிய மென்பொருள்கள் உள்ளன. முகாமில் இயங்குவது எது, அது எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதுபோல, ஏற்கெனவே லேசர் சிகிச்சையோ கண்ணுக்குள் ஊசியோ பெற்றவர்களின் கண்கள் இந்தப் பரிசோதனைக்கு உரியவை அல்ல. லேசர் விட்டுச் சென்ற வடுக்கள் படத்தின் தோற்றத்தையே மாற்றிவிடும். அவர்கள் தங்கள் மருத்துவரிடமே தொடர வேண்டும். அமெரிக்காவில் 2018-இல், மருத்துவர் பார்க்காமலே முடிவு சொல்ல அனுமதி பெற்ற முதல் மென்பொருளும், முன்பு லேசர் செய்தவர்களுக்கும் பார்வை தொடர்ந்து மங்கியிருப்பவர்களுக்கும் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது.

தவறாக அனுப்பப்பட்ட அந்த 24 பேருக்கு என்ன நேர்ந்திருக்கும்? வயதானவர்களின் விழித்திரையில் இயல்பாகப் படியும் மஞ்சள் துகள்களைக் கொழுப்புப் படிவு என்றும், லென்ஸில் ஒட்டிய தூசியை இரத்தப் புள்ளி என்றும் மென்பொருள் எண்ணியிருக்கலாம். தூசியைக் கண்டுபிடிப்பது எளிது: அடுத்தடுத்து வந்தவர்களின் படங்களிலும் அதே இடத்தில் அதே புள்ளி இருக்கும். நாள் தொடங்கும்போதும் இடையிலும் லென்ஸைத் துடைத்து, வரிசையாக மூன்று படங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல முகாம்களின் வழக்கம்.

இவ்வளவையும் கருத்தில் கொண்டால், முகாமில் கொடுக்கும் சீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது புலப்படும். இரு கண்களுக்கும் தனித்தனி முடிவு, ஒவ்வொரு கண்ணின் பார்வை அளவு, சொட்டு மருந்து விடப்பட்டதா என்ற குறிப்பு, மறுபடி எப்போது வர வேண்டும் என்ற தேதி ஆகியவை வேண்டும். ‘பாதிப்பு இல்லை’ என்பதற்குப் பதிலாக, ‘படத்தில் தெரிந்த பகுதியில், அனுப்பும் அளவுக்குச் சர்க்கரை நோய்ப் பாதிப்பு தெரியவில்லை’ என்று எழுதினால் சீட்டில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். ஓராண்டுக்குப் பிறகு மறுபடி படம் எடுப்பது பொதுவான முறை. கர்ப்பிணிகளுக்கு இந்த நோய் விரைவாக முற்றக்கூடும் என்பதால் அவர்கள் ஓராண்டு காத்திருக்காமல் நேரே கண் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. மற்றவர்களுக்கும் இடையில் கண் முன் திடீரெனக் கறுப்புப் புள்ளிகளோ நூல்களோ மிதந்தால், திரை விழுந்தது போல ஒரு பக்கம் மறைந்தால், நேர்கோடு வளைந்து தெரிந்தால், கையில் இருக்கும் சீட்டு போன வாரம் வாங்கியதாகவே இருந்தாலும் அதை நம்பியிராமல் அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.